4 மாதப் ‘போக்கு’, 14 நாள் குறிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

68 வயதான ஓர் அம்மா தம் மருமகளுடன் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இது: “நாலு மாசமா தினமும் போக்குதான் டாக்டரம்மா, ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை.” அதற்குள் அவர் வேறு இரண்டு இடங்களில் மருத்துவம் பார்த்திருந்தார். மலப் பரிசோதனையில் கிருமி எதுவும் தெரியவில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை இரண்டு முறை முழுமையாகச் சாப்பிட்டு முடித்திருந்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய லோபெரமைட் மாத்திரை ஒன்றைப் போட்டால் நின்றுவிடுகிறது, நான்கைந்து நாளில் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது என்றார். மோர்ச் சோறும் இட்லியும் மட்டுமே சாப்பிட்டுக்கொண்டு, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

எடை பெரிதாகக் குறையவில்லை, காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் கண்டதில்லை. ஆனால் கையிலிருந்த பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் 9.6 கிராம் என்றிருந்தது. அதற்காக இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இந்த வயதில் மலப்பழக்கம் புதிதாக மாறி, ரத்தசோகையும் சேர்ந்திருந்தால், பெருங்குடலை உள்நோக்கிப் பார்த்தே ஆகவேண்டும். எனவே அன்றைக்கே கொலோனோஸ்கோபிக்குக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டபோது, கூச்சத்தோடு, “அடுத்த தடவை பாத்துக்கலாமே” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அன்று வற்புறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லாமல் போயிருக்கலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காத்திருக்கும் நாட்களில் 2 வாரம் மலக்குறிப்பு எழுதி வரும்படி கேட்டுக்கொண்டேன். (அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நோட்டு

மருமகள் பேரனுடைய 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கொடுத்தார். நான் கேட்ட கட்டங்கள் ஆறுதான்: நேரம், வடிவம், அளவு, முக்க வேண்டியிருந்ததா, போன பிறகு வயிறு காலியான உணர்வு இருந்ததா, அன்று வாயில் போட்ட மாத்திரைகள். ஓரத்தில் ‘வேறு ஏதாவது’ என்று கொஞ்சம் இடம் விட்டோம். வலி, ரத்தம், சீதம், அவசரம், துணியில் கசிவு, தூக்கத்திலிருந்து எழுந்து போனது ஆகியவை அங்கே வரும்.

இவற்றில் வடிவத்தைத்தான் மிகுந்த அக்கறையோடு சொல்லிக் கொடுத்தேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவமனையைச் சேர்ந்த லூயிஸ், ஹீட்டன் என்ற இருவர் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உணவு குடலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை மலத்தின் வடிவமே நன்றாகக் காட்டுகிறது. எத்தனை தடவை போகிறோம் என்ற எண்ணிக்கை அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை என்பது அதன் முடிவு. மலத்தை 7 வகையாகப் பிரிக்கும் ‘பிரிஸ்டல் அளவுகோல்’ அதிலிருந்துதான் பரவலானது. காரணம் புரிந்துகொள்ள எளிது. பெருங்குடலின் வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே நெடுநேரம் தங்கினால் காய்ந்து உருண்டையாகிறது. விரைந்து கடந்தால் தண்ணீராகவே வெளியே வருகிறது.

அந்த 7 வகைகளையும் எண்களாகச் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிபடவில்லை. “ஆட்டுப் புழுக்கை மாதிரி தனித்தனியாக விழுந்தால்?” என்று நான் கேட்டதும் முகம் மலர்ந்து, தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். தனித்தனி உருண்டை என்றால் ‘பு’, அதாவது புழுக்கை. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரடுமுரடான கட்டையாக வந்தால் ‘க’. பழுத்த வாழைப்பழம்போல் வழுவழுப்பாக, அல்லது மேலே லேசான வெடிப்புகளோடு வந்தால் ‘வா’. மெத்தென்ற துண்டுகளாக வந்தால் ‘து’. கூழாக இருந்தால் ‘கூ’. வெறும் தண்ணீர் என்றால் ‘த’. அளவுகோலின் 1 முதல் 7 வரை இந்த ஆறு எழுத்துகளுக்குள் அடங்கிவிட்டன; 3, 4 இரண்டும் இயல்பான வடிவங்கள் என்பதால் ‘வா’ என்ற ஓரெழுத்தில் சேர்ந்ததில் எனக்கு இழப்பு எதுவுமில்லை. அதன் பிறகு நான் எல்லோருக்கும் எழுத்தைத்தான் கொடுக்கிறேன். எண் கொடுத்தால், அளவுகோல் அச்சிட்ட தாளைத் தொலைத்தவர்கள் நினைவிலிருந்து தப்பாக எழுதிவிடுகிறார்கள்.

‘பேதி’, ‘சிக்கல்’, ‘நார்மல்’ ஆகிய மூன்று சொற்களையும் நோட்டில் எழுதவே கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மூன்றும் முடிவுகள். ஒருவருக்குப் பேதி என்றால் பலமுறை போவது. இன்னொருவருக்கு அவசரமாக ஓடுவது. வேறொருவருக்கு உள்ளாடையில் படுவது. மருத்துவருக்குக் கண்ணில் பட்டது மட்டும் வேண்டும்.

இரண்டாவதாக ஒன்றை அழுத்திச் சொன்னேன்: எதுவும் போகாத நாளிலும் பக்கத்தைக் காலியாக விடாமல், ‘போகவில்லை’ என்று எழுத வேண்டும். போய் உட்கார்ந்து, முக்கி, வராமல் எழுந்தால் அதையும் நேரத்தோடு எழுத வேண்டும். வெறும் பக்கத்தைப் பார்த்தால், அன்று மலம் போகவில்லையா, எழுத மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. இந்த நிகழ்வில் எல்லாமே அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

14 நாட்கள்

நோட்டைப் பிரித்தபோது, முதல் பக்கத்திலேயே அவர் வாயால் சொன்னதற்கும் கையால் எழுதியதற்கும் பொருத்தமில்லை. திங்கட்கிழமை இரண்டு முறை போய் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் வரவில்லை. செவ்வாய், ‘போகவில்லை’. புதன்கிழமைப் பக்கம் அப்படியே இது: “காலை 7:10. பு, ரெண்டு. கொஞ்சம். ரொம்ப முக்கினேன், 20 நிமிஷம். காலி ஆகலை.” வியாழனன்று காலை 5:30க்கு ‘த’, 6:10க்கு ‘த’, 9:00க்கு ‘த’, ஒவ்வொன்றும் அரை டம்ளருக்கு மேல் இல்லை, ஓரத்தில், “உள்பாவாடையில் பட்டது, தெரியவே இல்லை.” பத்து மணிக்கு லோபெரமைட் ஒன்று. வெள்ளி ஒரு முறை ‘த’, மறுபடி லோபெரமைட் ஒன்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ‘போகவில்லை’, ஞாயிறு ஓரத்தில், “வயிறு உப்புசம், சாப்பிடப் பிடிக்கலை.”

இரண்டாவது வாரம் முதல் வாரத்தின் நகல்போலவே நடந்தது. எட்டாம் நாள் ‘பு’ மூன்று. ஒன்பதாம் நாள் எதுவுமில்லை. பத்தாம் நாள் தண்ணீராக நான்கு முறை, கசிவு இரண்டு முறை, லோபெரமைட் இரண்டு. பதினோராம் நாள் ஒரு ‘த’. பன்னிரண்டு, பதின்மூன்று இரண்டு நாளும் எதுவுமில்லை. பதினான்காம் நாள் காலை ‘பு’, ஒரு மணி நேரம் கழித்து ‘த’.

நாங்கள் மூவரும் சேர்ந்து எண்ணினோம். தினமும் நான்கைந்து முறை என்று அவர் மனதார நம்பியது, 14 நாளில் 2 நாட்களுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தியது. 7 நாட்கள் எதுவுமே போகவில்லை. மூன்று நாட்களில் புழுக்கை. ‘வா’ என்ற எழுத்து நோட்டு முழுவதும் ஒரு முறைகூட இல்லை. தண்ணீராகப் போன 10 முறையும் அளவு கொஞ்சம்தான். அம்மா பொய் சொல்லவில்லை. துணியில் பட்ட நாள் மனதில் தங்கிவிடுகிறது. ஒன்றும் நடக்காத சனிக்கிழமை நினைவில் நிற்பதில்லை. நான்கு மாதத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால், யாராக இருந்தாலும் அந்த மோசமான வியாழக்கிழமையைத்தான் சொல்வார்கள்.

இரண்டு வாரம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இந்த நோட்டே அதற்கு விடை. இவருடைய சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரம். முதல் வாரத்தோடு நிறுத்தியிருந்தால், சில நாள் சிக்கல், ஒரு நாள் போக்கு என்று தற்செயலாகத் தோன்றியிருக்கும். அதே வரிசை இரண்டாம் முறையும் வந்தபோதுதான் அது ஒரு ஒழுங்கு என்று சொல்ல முடிந்தது. ஒரு மாதம் எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் மூன்றாம் வாரத்தில் சலித்துப்போய், கடைசி நாள் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிக் கொண்டுவருகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில், ஒரே அவசரத்தில், நேரமெல்லாம் ‘காலை 7’ என்று முழு எண்ணாக இருந்தால் அது அப்படி நிரப்பியது என்று கண்டுகொள்ளலாம். இந்த அம்மாவின் நோட்டில் 7:10, 5:30, 6:10 என்று இருந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஆணியில் நூல் கட்டி நோட்டையும் பென்சிலையும் மருமகள் தொங்கவிட்டிருந்தாராம்.

மாத்திரைக் கட்டம்

மருந்துக் கட்டத்தில் முதலில் லோபெரமைட் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. மற்ற மாத்திரைகள் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் வயித்துக்கு இல்லையே, முட்டிக்கும் ரத்தத்துக்கும்தானே” என்றார் அம்மா. “அத்தை, எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்கல்ல” என்று மருமகள் பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். இரவில் இரும்புச்சத்து மாத்திரை. மதியம் கால்சியம். மூட்டுவலிக்கு, பாராசிட்டமாலோடு டிராமடால் சேர்ந்த மாத்திரை, காலை மாலை.

டிராமடால் ஓபியம் இனத்தைச் சேர்ந்த வலிமருந்து. குடலின் அசைவை மந்தமாக்குவது அந்த இனத்தின் இயல்பு. இரும்பும் கால்சியமும் பலருக்குச் சிக்கலை உண்டாக்கும். மூன்றும் சேர்ந்து தொடங்கி ஏறத்தாழ ஐந்து மாதமாகியிருந்தது. தொல்லை தொடங்கி நான்கு மாதம். மூட்டுவலியால் வீட்டுத் தரைக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார முடியாமல், வந்தபோதெல்லாம் அடக்கியதும் அதோடு சேர்ந்துகொண்டது. இதை அவராகச் சொல்லவில்லை. ‘எழுந்து வர முடியலை’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து நான் கேட்டதால் வந்தது.

எனவே மருந்துக் கட்டத்தில் ஒரே விதிதான்: வாயில் போட்டது எதுவானாலும் எழுத வேண்டும். நாட்டு மருந்துக் கடைச் சூரணம், நிலாவரை, திரிபலா, விளக்கெண்ணெய், இஸப்கோல், கடையில் தானாக வாங்கிய மாத்திரை, எல்லாம். மருந்தின் உதவியால் போன நாளையும் தானாகப் போன நாளையும் மருத்துவர் வேறுவேறாக எண்ணுவார். நிலாவரை சாப்பிட்டுவிட்டு ‘தினமும் போகிறது’ என்று எழுதினால் அந்தப் பதிவு தவறான வழியைக் காட்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கரும்பச்சையாக மாற்றும் என்பதால், நிறம் மாறிய நாளும் மாத்திரை தொடங்கிய நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வீண் பயம் குறையும். தார்போல் கருத்துப் பிசுபிசுத்து, கடுமையாக நாறும் மலம் வேறு. அது மேற்குடலில் ரத்தம் கசிவதைக் காட்டலாம், அதற்கு நோட்டில் இடம் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவை நான் அதிகம் கேட்பதில்லை. தினமும் சாப்பிடுவதை எல்லாம் எழுதச் சொன்னால் நோட்டு கனத்துப்போகும், முக்கியமானது அதில் மூழ்கிவிடும். விருந்து, வெளிச்சாப்பாடு, பால் அதிகம், விரதம் போன்று வழக்கத்துக்கு மாறானதை மட்டும் எழுதினால் போதும். ஆனால் எழுதும் இரண்டு வாரத்திலும் சாப்பாட்டை மாற்றாமல் இருப்பது நல்லது. மருத்துவர் பார்க்கப்போகிறார் என்று திடீரெனக் கீரையும் பழமுமாகச் சாப்பிட்டால், குறிப்பில் இருப்பது இன்னொருவருடைய வயிறாகிவிடும்.

நோட்டு சொன்னதும் விரல் சொன்னதும்

சில நாள் எதுவுமில்லை, பிறகு புழுக்கை, பிறகு அளவு குறைந்த தண்ணீர், தெரியாமலேயே கசிவு: இந்த வரிசை, மலம் இறுகி அடைத்து, அதைச் சுற்றி மேலிருந்து வழியும் நீர்மலத்தின் வரிசை. மலக்குடலில் கட்டியாகத் தங்கிய மலம் காய்ந்துகொண்டே போகிறது. குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வை இழக்கிறது. பின்னால் வரும் நீர் மட்டும் பக்கவாட்டில் வழிந்து, சுருக்குத்தசையைத் தாண்டிக் கசிகிறது. பார்ப்பதற்கு இது போக்கு. அதற்கு லோபெரமைட் போட்டால் குடல் இன்னும் மந்தமாகி அடைப்பு பெருகும். மாத்திரையால் ‘நின்ற’ சனி, ஞாயிறு, அடைப்பு கூடிய நாட்களே.

எனினும் நோட்டு ஒரு சந்தேகத்தைத்தான் தந்தது. குறிப்பை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. குடலைப் பாதி அடைத்து வளரும் கட்டியும் ஏறக்குறைய இப்படியொரு பக்கத்தை எழுத வைக்கும். இந்த முறை நோட்டைக் காட்டி விளக்கியதும் அம்மா பரிசோதனைக்குச் சம்மதித்தார். இடப்பக்கமாகப் படுக்கவைத்து விரலால் பார்த்தபோது, மலக்குடல் முழுக்கக் களிமண் உருண்டைபோல் இறுகிய மலம். முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டியது அதுதான்.

இதில் இன்னொரு பயனும் கிடைத்தது. கொலோனோஸ்கோபிக்கு முதல் நாள் குடலைக் கழுவும் கரைசலை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். அடைத்த குடலோடு அதைக் குடித்திருந்தால் கடுமையான வயிற்று வலியும் வாந்தியும் வந்திருக்கும். குடலும் சரியாகச் சுத்தமாகியிருக்காது. அங்குள்ள மருத்துவரிடம் பேசி நாளைத் தள்ளிவைத்து, முதலில் எனிமா கொடுத்து அடைப்பை நீக்கினோம். பிறகு மலத்தை இளக்கும் மேக்ரோகால் பொடி, முதல் சில நாள் கூடுதலாக, அப்புறம் நாளுக்கு 17 கிராம் பொட்டலம் ஒன்று தண்ணீரில் கரைத்து. அடைப்பு இருக்கும்போது இஸப்கோல் கொடுத்தால் கட்டி இன்னும் பருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. லோபெரமைட்டையும் டிராமடாலையும் நிறுத்தி, முட்டிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். கால்சியம் அவருக்கு அவசியமாக இல்லாததால் விட்டோம். தரைக் கழிப்பறையின் மேல் வைக்கும் நாற்காலி ஒன்றை மகன் வாங்கி வந்தார். கால்களுக்குக் கீழே ஒரு மணைப் பலகை.

ஐந்து வாரம் கழித்து நடந்த கொலோனோஸ்கோபியில் கட்டி எதுவும் இல்லை. உள்மூலம் மட்டும் இருந்தது. ரத்தசோகைக்காக இரைப்பையையும் பார்த்ததில், முன்பு பல மாதம் தானாக வாங்கிச் சாப்பிட்ட வேறு வலிமாத்திரைகளால் வந்த சிறு புண்கள் தெரிந்தன. அதற்குத் தனியே மருத்துவம் நடக்கிறது.

எழுதக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இந்த அம்மாவிடம் நிதானமாக இரண்டு வாரம் கேட்க முடிந்ததற்குக் காரணம், அவசரக் குறிகள் இல்லாததும், அதே சமயம் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டிருந்ததும்தான். மலத்தில் ரத்தம் நிறையப் போனால், காய்ச்சலோடு ரத்தமும் சீதமுமாகப் போனால், வயிறு ஊதி வாந்தியெடுத்து வாயுகூடப் பிரியாமல் இருந்தால், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தால் நோட்டைத் தொட வேண்டாம், உடனே போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருப்பது, தூங்குபவரை எழுப்பும் அளவுக்கு இரவில் போவது ஆகியவை இருந்தால் மருத்துவரை முதலில் பார்த்துவிட்டு, அவர் சொன்னால் எழுதலாம். கடைசியில் சொன்ன இரவுக் குறிக்காகத்தான் நேரத்தைத் தவறாமல் எழுதச் சொல்கிறேன். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் காலையில் விழித்த பிறகு அவதிப்படுகிறார்கள்; இரவு 2 மணி, 3 மணி என்று நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால் நான் அழற்சி போன்ற வேறு காரணங்களைத் தேடத் தொடங்குவேன்.

மருத்துவரிடம் நோட்டைக் கொடுக்கும்போது, முதல் பக்கத்தில் நான்கு எண்ணிக்கையை எழுதிவைத்தால் புறநோயாளிகள் வரிசையின் அவசரத்திலும் அவரால் படிக்க முடியும்: எதுவும் போகாத நாள் எத்தனை, கெட்டியாகப் போனது எத்தனை முறை, தண்ணீராகப் போனது எத்தனை முறை, துணியில் பட்டது எத்தனை முறை. எழுதியவர் வெட்கப்படும் வரியே பெரும்பாலும் மிகவும் பயன்படும் வரி. வாயால் ஒருபோதும் சொல்லாத கசிவை இந்த அம்மா பென்சிலால் எழுதினார். 4 மாதத்தில் யாரிடமும், மருமகளிடம்கூட, அதைச் சொன்னதில்லையாம்.

சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் கழித்து அதே நோட்டின் பின்பக்கங்களில் மறுபடி 2 வாரம் எழுதி வந்தார். 11 நாட்கள் ‘வா’. ஒரு நாள் ‘பு’, ஒரு நாள் ‘து’, ஒரு நாள் ‘போகவில்லை’. ‘போகவில்லை’ என்ற நாளன்று மேக்ரோகால் பொட்டலம் தீர்ந்து, வாங்கி வர மறந்திருந்தது மருந்துக் கட்டத்தில் தெரிந்தது. பதினான்காம் நாளின் ஓரத்தில் “காலை 6:40. வா. முக்கலை. காலி ஆச்சு” என்று எழுதி, அதற்குக் கீழே, நான் கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தார்: “தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், பஸ்ஸில்.”